நுழைவுச் சீட்டைப் பார்த்து எழுதும்போது எந்தப் பிழை குரல் கொடுக்கும்?

மாணவர்களே, தேர்வு நுழைவுச் சீட்டு உங்கள் கைக்கு வந்த பிறகு அதில் உள்ளவற்றை எத்தனை முறை பார்த்து எழுதுகிறீர்கள் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவதற்காகத் தேர்வு நாள்களை ஒரு தாளில் எழுதுகிறீர்கள். அதையே கைப்பேசி நாட்காட்டியிலும் பதிகிறீர்கள். தேர்வு மண்டபத்தில் ஒவ்வொரு விடைத்தாளிலும் பெயர், மைய எண், இண்டெக்ஸ் எண் ஆகியவற்றை எழுதுகிறீர்கள். ஏழு பாடங்கள் எழுதுபவர் தம் இண்டெக்ஸ் எண்ணைப் பத்துப் பதினைந்து முறையாவது எழுத வேண்டியிருக்கும்.

இப்படிப் பார்த்து எழுதுவதைப் படியெடுத்தல் என்கிறோம். படியெடுக்கும்போது பிழை வருவது இயல்பு. ஆனால் எல்லாப் பிழையும் ஒரே மாதிரியானது அல்ல. சீட்டின் சில பகுதிகளில் தவறாக எழுதினால் அந்தத் தவறு தானே குரல் கொடுக்கும். வேறு சில பகுதிகளில் எவ்வளவு பெரிய தவறு நடந்தாலும் சத்தமே இருக்காது. எது எப்படிப்பட்ட பகுதி என்று தெரிந்தால், கவனத்தை எங்கே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

நம் மாதிரிச் சீட்டு

சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வு எழுதுபவர்களுக்குச் சிங்கப்பூர் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்தின் நுழைவுச் சீட்டு கிடைக்கிறது. இந்தக் கட்டுரைக்காக ஒரு கற்பனைச் சீட்டைச் செய்துகொள்வோம். இதில் உள்ள எண்கள் விளக்கத்திற்காக வைத்தவை. பாடக் குறியீடு மட்டும் உண்மையானது.

```
அடையாள எண்:   S1234567D
மையம்/இண்டெக்ஸ்: 9999/0146
இருக்கை எண்:   27
பாடம்:        இயற்பியல் 6091, தாள் 2
நாள்:         23 அக்டோபர் 2026, வெள்ளி
நேரம்:        14.30 - 16.15
```

இதன் அடியில் நான்கைந்து வரிகளில் அறிவுறுத்தல்கள் அச்சாகியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இனி ஒவ்வொரு வரியாகப் பார்த்து எழுதுவோம்.

எப்படிப்பட்ட பிழைகள் வருகின்றன?

எண்களை எழுதும்போது மனிதர்கள் செய்யும் தவறுகளை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் நெதர்லாந்துக் கணித அறிஞர் யாகோபஸ் வெர்ஹூஃப். அவருடைய ஆய்வு 1969ஆம் ஆண்டு வெளிவந்தது. அதில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பிழைகள் ஒரே ஓர் இலக்கம் மாறியதால் வந்தவை. 7 இருந்த இடத்தில் 1 எழுதுவது இந்த வகை. பத்தில் ஏறத்தாழ ஒன்று, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால் வந்தது. 46 என்பதை 64 என்று எழுதுவது இந்த வகை. மற்ற எல்லா வகைகளும் சேர்ந்துதான் மீதமுள்ள பங்கு.

ஆகவே இந்த இரண்டு வகைகளையும் பிடித்துவிட்டால் பெரும்பாலான பிழைகளைப் பிடித்துவிட்டோம் என்று பொருள். உங்கள் அடையாள எண்ணின் கடைசியில் இருக்கும் எழுத்து அதற்காகவே இருக்கிறது.

அடையாள எண்: கடைசி எழுத்து என்ன செய்கிறது?

S1234567D என்ற எண்ணில் D என்பது பெயரின் முதல் எழுத்தோ ஊரின் குறியீடோ அல்ல. முன்னால் உள்ள ஏழு இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்பட்ட எழுத்து அது. இதைச் சரிபார்ப்பு எழுத்து எனலாம். கணக்கு எளிது. ஏழு இலக்கங்களையும் வரிசையாக 2, 7, 6, 5, 4, 3, 2 ஆகிய எண்களால் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

```
1×2 + 2×7 + 3×6 + 4×5 + 5×4 + 6×3 + 7×2
= 2 + 14 + 18 + 20 + 20 + 18 + 14
= 106
```

106ஐ 11ஆல் வகுத்தால் மீதி 7. இப்போது கீழே உள்ள அட்டவணையில் 7க்கு நேரே இருக்கும் எழுத்தைப் பாருங்கள்.

```
மீதி:    0 1 2 3 4 5 6 7 8 9 10
எழுத்து: J Z I H G F E D C B A
```

7க்கு நேரே D இருக்கிறது. எண் சரியாகப் பொருந்துகிறது.

உங்களில் பெரும்பாலோரின் எண் S என்று தொடங்காமல் T என்று தொடங்கும். 2000ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு T. அவர்களுக்கும் இதே கணக்குதான், இதே அட்டவணைதான். கூட்டுத்தொகையுடன் 4 சேர்த்துக்கொண்டு அதன் பிறகு 11ஆல் வகுக்க வேண்டும். இதனால் யாராவது T என்பதை S என்று மாற்றி எழுதினாலும் கடைசி எழுத்து பொருந்தாமல் போய்விடும். வெளிநாட்டு மாணவர்களின் எண்கள் வேறு எழுத்துகளில் தொடங்கும். அவற்றின் அட்டவணையும் வேறு.

இப்போது வேண்டுமென்றே தவறாக எழுதிப் பார்ப்போம். கடைசி 7ஐ 1 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். S1234561D ஆகிவிட்டது. கடைசிப் பெருக்கம் 14க்குப் பதில் 2. கூட்டுத்தொகை 94. அதை 11ஆல் வகுத்தால் மீதி 6. அதற்கு உரிய எழுத்து E. ஆனால் நாம் எழுதியிருப்பது D. பிழை பிடிபட்டது.

அடுத்து, 34 என்பதை 43 என்று இடம் மாற்றி எழுதுவோம். S1243567D. முன்பு 3×6 + 4×5 = 38 இருந்த இடத்தில் இப்போது 4×6 + 3×5 = 39. கூட்டுத்தொகை 107, மீதி 8, எழுத்து C. இதுவும் பிடிபட்டது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். இலக்கங்களை அப்படியே கூட்டினால் போதாதா, எதற்கு வெவ்வேறு எண்களால் பெருக்குகிறார்கள்? அப்படியே கூட்டினால் 3 + 4 என்பதும் 4 + 3 என்பதும் ஒன்றுதான். இடம் மாறியது கூட்டுத்தொகைக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வோர் இடத்திற்கும் வேறு பெருக்கும் எண்ணைக் கொடுத்தால்தான் இலக்கம் எங்கே நிற்கிறது என்பதும் கணக்கில் சேரும்.

இன்னொரு கேள்வி, ஏன் 11? 11 ஒரு பகா எண். ஓர் இலக்கம் மாறும்போது கூட்டுத்தொகையில் ஏற்படும் வித்தியாசம் என்பது இலக்கத்தின் வித்தியாசத்தைப் பெருக்கும் எண்ணால் பெருக்கிக் கிடைப்பது. இலக்கத்தின் வித்தியாசம் 9க்கு மேல் போகாது. பெருக்கும் எண்ணும் 7க்கு மேல் போகாது. 11ஐவிடச் சிறிய இரண்டு எண்களைப் பெருக்கினால் 11இன் மடங்கு ஒருபோதும் வராது. ஆகவே ஓர் இலக்கம் மாறினால் மீதி கட்டாயம் மாறும். 10ஆல் வகுத்திருந்தால் 2×5 போன்ற பெருக்கங்கள் ஓசையில்லாமல் தப்பிவிடும்.

11ஆல் வகுத்தால் மீதி 0 முதல் 10 வரை பதினொரு விதமாக வரலாம். பத்து இலக்கங்களைக் கொண்டு பதினொரு மீதிகளைக் குறிக்க முடியாது. அதனால்தான் எழுத்து தேவைப்படுகிறது. 2006ஆம் ஆண்டு இறுதிவரை புத்தகங்களுக்கு இருந்த பத்து இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணிலும் 11ஆல் வகுக்கும் முறைதான். அதில் 10 என்ற மீதி வந்தால் X என்று போடுவார்கள். நூலகத்தில் பழைய புத்தகம் ஒன்றை எடுத்தால் பின்னட்டையில் அந்த X உங்கள் கண்ணில் படலாம்.

இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு

பெருக்கும் எண்களை மீண்டும் பாருங்கள்: 2, 7, 6, 5, 4, 3, 2. முதலாவதும் கடைசியும் 2. ஆகவே முதல் இலக்கமும் ஏழாவது இலக்கமும் இடம் மாறினால் கணக்கு அதைக் கண்டுகொள்ளாது. S7234561 என்று எழுதினாலும் கூட்டுத்தொகை 106தான், எழுத்து Dதான். நல்ல வேளையாக, இவ்வளவு தூரத்தில் இருக்கும் இலக்கங்களை யாரும் எளிதில் மாற்றி எழுதுவதில்லை.

ஒரே எண்ணில் இரண்டு தவறுகள் நடந்தாலும் தப்ப வாய்ப்பு உண்டு. 56 என்பதை 61 என்று எழுதிப் பாருங்கள். S1234617 ஆகிறது. கூட்டுத்தொகை 95, மீதி 7. மீண்டும் D. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஓர் எண்ணை எழுதினாலும் பதினொன்றில் ஒரு முறை எழுத்து தற்செயலாகப் பொருந்திவிடும். ஆகவே எழுத்து பொருந்தவில்லை என்றால் பிழை இருப்பது உறுதி. எழுத்து பொருந்தினால் பிழை இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

இந்த எண்ணை எழுதும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. அட்டவணையில் உள்ள I, Z, B, G ஆகியவை கையெழுத்தில் 1, 2, 8, 6 போலவே தோன்றலாம். சிங்கப்பூரின் முதல் அதிபர் யூசோஃப் இஷாக்கின் அடையாள எண் S0000001I. கடைசி இரண்டும் கையெழுத்தில் இரண்டு கோடுகளாகத் தெரியும். 1×2 = 2, மீதி 2க்கு உரிய எழுத்து I என்று கணக்கிட்டால் ஐயம் தீரும். முதல் இடமும் கடைசி இடமும் எப்போதும் எழுத்து, நடுவில் உள்ள ஏழும் எப்போதும் இலக்கம் என்பதை நினைவில் வைத்தாலும் போதும்.

சுவரில் ஒட்டும் தாளிலும் நண்பர்களுக்கு அனுப்பும் படத்திலும் அடையாள எண் தேவையில்லை. அதைப் படியெடுக்காமல் விடுவதே நல்லது.

பெயர்: காதால் எழுதாதீர்கள்

தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒரே வழி இல்லை. ‘த’ என்ற ஒலிக்கு ஒருவர் டி என்ற எழுத்தை மட்டும் போடுவார், இன்னொருவர் டிஎச் போடுவார். ‘ழ’வுக்கு எல், இசட்எச் என்று இரண்டு வழக்கமும் உண்டு. எஸ்/ஓ, டி/ஓ என்பவையும் சிலருடைய பெயரில் இருக்கும், சிலருடைய பெயரில் இருக்காது. பெயரில் சரிபார்ப்பு எழுத்து எதுவும் இல்லை. தம்பியோ தங்கையோ சீட்டைப் படிக்க நீங்கள் எழுதுவதானால், பெயரை ஒலியாகச் சொல்லாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லுங்கள்.

இண்டெக்ஸ் எண்: வாய் திறக்காத பகுதி

இப்போது சீட்டின் மிக ஆபத்தான வரிக்கு வருகிறோம். 9999/0146. சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள நான்கு இலக்கங்கள் தேர்வு மையத்தைக் குறிப்பவை. பின்னால் உள்ள நான்கும் உங்களைக் குறிப்பவை. இதன் முடிவில் சரிபார்ப்பு எழுத்து இல்லை.

0146 என்பதை 0147 என்று எழுதினால் என்ன ஆகும்? 0147 என்பது இல்லாத எண் அல்ல. அது பெரும்பாலும் உங்களுக்கு அடுத்த மேசையில் இருப்பவரின் எண். 0164ம் அதே மண்டபத்தில் இருக்கும் வேறொருவருடைய எண்ணாக இருக்கலாம். தவறாக எழுதிய எண் சரியான எண்ணைப் போலவே தோன்றும். அதைப் பார்க்கும் எவருக்கும் எண்ணை மட்டும் வைத்து ஐயம் வராது. எண்ணுடன் பெயரையும் எழுதும்போதுதான் இரண்டும் பொருந்துகின்றனவா என்று ஒப்பிட ஒரு வழி பிறக்கிறது. எனவே அவசரத்தில் பெயரைக் கிறுக்கிவைக்கக் கூடாது.

இங்கே சரிபார்ப்பு எழுத்து செய்யும் வேலையை நீங்களே செய்ய வேண்டும். நான்கு இலக்கங்களை ஒரு மூச்சில் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். எட்டு இலக்கங்களை அப்படி வைப்பது கடினம். ஆகவே சாய்கோடு வரை ஒரு முறை, அதற்குப் பின் ஒரு முறை என்று இரண்டு துண்டாக எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு நீங்கள் எழுதியதைக் கடைசியிலிருந்து பின்னோக்கிப் படித்துச் சீட்டுடன் ஒப்பிடுங்கள்: ஆறு, நான்கு, ஒன்று, பூச்சியம். முன்னிருந்து படித்தால் பழகிய எண்ணை மனமே சொல்லிக்கொண்டு போகும், கண் தாளைப் பார்க்காது. பின்னோக்கிப் படிக்கும்போது ஒவ்வோர் இலக்கத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

இருக்கை எண்ணுக்கு ஒரு துணை

இருக்கை எண் 27. இரண்டே இலக்கம். 21 என்று எழுதினாலும் அந்த எண்ணில் ஓர் இருக்கை இருக்கும். இதற்குத் துணையாக இன்னொரு விவரத்தை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். ஒரு வரிசைக்கு எட்டு மேசைகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வரிசைகளில் 24 முடிந்துவிடும். ஆகவே 27 என்பது நான்காவது வரிசையில் மூன்றாவது மேசை. தாளில் ‘27, 4ஆம் வரிசை, 3ஆம் மேசை’ என்று எழுதினால் ஒன்று தவறினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும். மேசைமேல் இண்டெக்ஸ் எண் ஒட்டப்பட்டிருந்தால் அதையும் சீட்டுடன் ஒப்பிட்ட பிறகு உட்காருங்கள்.

பாடக் குறியீடும் எம்ஆர்டி நிலையமும்

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திற்கு வடகிழக்குப் பாதையில் என்இ7 என்பது குறியீடு. அடுத்த நிலையமான ஃபேரர் பார்க் என்இ8. நண்பருக்கு ‘என்இ7இல் இறங்கு’ என்று எழுதும்போது கை தவறி 8 என்று எழுதினால் அவர் எந்த ஐயமும் இல்லாமல் ஃபேரர் பார்க்கில் போய் நிற்பார். ‘என்இ8 லிட்டில் இந்தியா’ என்று எழுதியிருந்தால், ‘ஏதோ இடிக்கிறதே’ என்று உடனே கேட்டிருப்பார். பெயரும் குறியீடும் சேர்ந்து நிற்கும்போது ஒன்று மற்றொன்றுக்குக் காவல்.

பாடக் குறியீடுகளிலும் இதே நிலைதான். சாதாரண நிலைத் தேர்வில் இயற்பியல் 6091, வேதியியல் 6092, உயிரியல் 6093. இணைந்த அறிவியலில் இயற்பியலும் வேதியியலும் சேர்ந்தது 5086, இயற்பியலும் உயிரியலும் சேர்ந்தது 5087, வேதியியலும் உயிரியலும் சேர்ந்தது 5088. ஓர் இலக்கம் மாறினால் போதும், இன்னொரு உண்மையான பாடம் கிடைத்துவிடும். எனவே குறியீட்டை மட்டும் எழுதாமல் பாடப் பெயரையும் தாள் எண்ணையும் ஒரே வரியில் எழுதுங்கள்: ‘6091 இயற்பியல், தாள் 2’.

2027ஆம் ஆண்டு முதல் சாதாரண நிலை, வழக்க நிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு வருகிறது. அப்போது குறியீடு எதுவாக இருந்தாலும் இந்த வழி பொருந்தும்.

நாளும் கிழமையும்

தேர்வு அட்டவணையில் 23 அக்டோபர் 2026 என்பதற்குப் பக்கத்தில் வெள்ளி என்று இருக்கிறது. தேதி மட்டும் போதாதா என்று பலர் கிழமையை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஆனால் கிழமைதான் தேதியின் சரிபார்ப்பு எழுத்து. 11ஆல் வகுப்பதற்குப் பதிலாக இங்கே 7ஆல் வகுக்கிறோம் என்று சொல்லலாம்.

23 என்பதை 28 என்று எழுதிவிட்டால் நாட்காட்டியில் அது புதன். 13 என்று எழுதினால் செவ்வாய். மாதத்தை நவம்பர் என்று எழுதினால் 23ஆம் தேதி திங்கள். மூன்றிலுமே வெள்ளி பொருந்தவில்லை. எந்தப் பிழை தப்பும்? ஏழு நாள் அல்லது அதன் மடங்கு தள்ளிப்போனால் மட்டும் தப்பும். ஒரே ஓர் இலக்கம் மாறி அப்படி நடக்க வேண்டுமானால் கடைசி இலக்கம் 0க்கும் 7க்கும் இடையிலோ, 1க்கும் 8க்கும் இடையிலோ, 2க்கும் 9க்கும் இடையிலோ மாற வேண்டும். 20ஐ 27 என்று எழுதுவதும் 22ஐ 29 என்று எழுதுவதும் இந்த வகை. ஆகவே உங்கள் தேர்வு நாள் 0, 1, 2, 7, 8, 9 ஆகியவற்றில் முடிந்தால் கூடுதலாக ஒரு முறை பாருங்கள். மற்ற நாள்களைக் கிழமை பார்த்துக்கொள்ளும்.

கைப்பேசியில் பதியும்போது தேதியை நீங்கள் தட்டினால் கிழமையை அது தானே காட்டும். அந்தக் கிழமையைச் சீட்டில் உள்ள கிழமையுடன் ஒப்பிட்டுவிட்டுச் சேமியுங்கள்.

தொடக்கமும் முடிவும்

இயற்பியல் இரண்டாம் தாளுக்கு 1 மணி 45 நிமிடம். நம் மாதிரிச் சீட்டில் அது 14.30க்குத் தொடங்கி 16.15க்கு முடிகிறது. பலர் தொடங்கும் நேரத்தை மட்டும் எழுதுவார்கள். 14.30ஐப் பார்த்து எழுதும்போது முன்னால் உள்ள 1 விடுபட்டு 4.30 என்று ஆகிவிட்டால்? மாலை 4.30 என்பது நம்பக்கூடிய நேரம்தான். தாளைப் பார்த்துக்கொண்டு நீங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பீர்கள்.

முடியும் நேரத்தையும் எழுதியிருந்தால் கதை வேறு. 4.30க்குத் தொடங்கும் தேர்வு 16.15க்கு, அதாவது மாலை 4.15க்கு முடிகிறது என்று தாள் சொல்லும். தொடங்கும் முன்பே முடியும் தேர்வு எங்கும் இல்லை. எனவே தொடக்கம், கால அளவு, முடிவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். எழுதிய பிறகு ஒரு முறை கூட்டிப் பாருங்கள்: 14.30, 1 மணி 45 நிமிடம், 16.15. பொருந்துகிறது.

அடியில் உள்ள அறிவுறுத்தல்கள்

சீட்டின் அடியில் உள்ள வரிகளில் எண்கள் குறைவு. இங்கே பிழை வேறு வடிவத்தில் வருகிறது. யாரும் இவற்றை முழுமையாக எழுதுவதில்லை. சுருக்கி எழுதுகிறார்கள். சுருக்கும்போது பெரிய சொற்கள் நிற்கும், சிறிய சொற்கள் உதிர்ந்துவிடும். பொருளைத் தாங்குபவை பெரும்பாலும் அந்தச் சிறிய சொற்கள்தான்.

‘நுழைவுச் சீட்டையும் அடையாள ஆவணத்தையும் கொண்டுவர வேண்டும்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்கள் ‘சீட்டு / ஐசி’ என்று சுருக்கி எழுதுகிறீர்கள். பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது அந்தச் சாய்கோட்டை ‘அல்லது’ என்று படித்துவிட்டால் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள். ‘உம்’ என்ற ஒரே ஓர் இடைச்சொல் போனது, விதியே மாறிவிட்டது.

இன்னொன்று. ‘அனுமதிக்கப்பட்ட கணிப்பானைத் தவிர வேறு மின்னணுச் சாதனங்கள் கூடாது’ என்ற வரியை ‘மின்னணுச் சாதனம் கூடாது’ என்று சுருக்கினால் கணிப்பானும் வீட்டிலேயே நின்றுவிடும். ‘கணிப்பான் கொண்டுபோகலாம்’ என்று சுருக்கினால் எந்த மாதிரியானாலும் சரி என்று ஆகிவிடும். ‘தவிர’, ‘மட்டும்’, ‘கூடாது’, ‘முன்’, ‘பின்’, ‘அல்லது’, ‘உம்’ போன்ற சொற்கள் உள்ள வரிகளைச் சுருக்காதீர்கள். முழு வாக்கியமாக எழுதி, அந்தச் சொல்லின்கீழ் கோடு போடுங்கள். ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழில் எழுதிக்கொள்வதானால் இன்னும் கவனம் தேவை.

இரண்டு முறை தனித்தனியாக

கணினிக்குத் துளை அட்டைகள் மூலம் தகவல் கொடுத்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் அட்டையில் துளையிடுவார். இன்னொருவர் அதே மூலத்தாளைப் பார்த்துச் சரிபார்ப்பு இயந்திரத்தில் மீண்டும் தட்டுவார். இருவரும் தட்டியது ஒத்துப்போகவில்லை என்றால் இயந்திரம் காட்டிக்கொடுக்கும்.

இது ஏன் பலன் தந்தது? ஒருவர் நூறு எண்ணுக்கு ஒரு தவறு செய்வார் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஒரே எண்ணில் தவறுவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அதிலும் இருவரும் ஒரே தவறான இலக்கத்தை எழுதுவது இன்னும் அரிது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாமவர் முதலாமவர் எழுதியதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவருடைய தவறு இவருக்கும் ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் இதை எளிதாகச் செய்யலாம். நீங்கள் சீட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். அம்மாவோ அண்ணனோ அதே சீட்டைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதட்டும். பிறகு இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வேறுபடும் இடத்தில் மட்டும் சீட்டைப் பார்த்தால் போதும். கைப்பேசியில் பதியும்போதும் சுவரில் உள்ள தாளைப் பார்க்காமல் சீட்டையே பாருங்கள். நகலைப் பார்த்து எடுத்த நகலில் முதல் நகலின் பிழையும் இருக்கும், புதிய பிழையும் சேரும்.

செய்து பாருங்கள்

சரிபார்ப்பு எழுத்து இல்லாத இண்டெக்ஸ் எண்ணுக்கு நீங்களே ஒன்றை உருவாக்கலாம். நான்கு இலக்கங்களையும் 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 0146க்கு 0 + 4 + 12 + 12 = 28. 11ஆல் வகுத்தால் மீதி 6. இந்த 6ஐ நினைவில் வையுங்கள். இனி வீட்டில் எங்கு அந்த எண்ணை எழுதினாலும் கணக்கிட்டு 6 வருகிறதா என்று பார்க்கலாம். விடைத்தாளில் இந்த மீதியை எழுதக் கூடாது. அது உங்கள் மனத்தில் மட்டும் இருக்கட்டும்.

0164 என்று தவறாக எழுதியிருந்தால் மீதி என்ன வரும்? 0147க்கு என்ன வரும்? கணக்கிட்டு முடித்த பிறகு அடுத்த வரியைப் பாருங்கள்.

0164க்கு 4 + 18 + 8 = 30, மீதி 8. 0147க்கு 4 + 12 + 14 = 30, மீதி 8. இரண்டுமே 6 அல்ல. வாய் திறக்காமல் இருந்த எண் இப்போது குரல் கொடுக்கிறது. ஆனால் இரண்டு பிழைகளுக்கும் ஒரே மீதி வந்ததைக் கவனித்தீர்களா? எது தவறியது என்பதை மீதி சொல்லாது, ஏதோ தவறியது என்பதை மட்டுமே சொல்லும். சரியான எண் எது என்று அறிய மீண்டும் சீட்டைத்தான் பார்க்க வேண்டும்.